ஓடற காளைக்குத் தார்க்குச்சி

தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடி அறையில் விளையாட்டு வீடியோக்களை எடிட் செய்கிறேன். யாரும் சொல்லித் தந்ததில்லை; பார்த்துப் பார்த்துப் பழகிய கை. ராமாபுரத்துக் கபடிக்காரி ஒருத்தி, அணித் தேர்வுக்கு அனுப்ப ஒரு கிளிப் கொண்டுவந்தாள். நொடிக்கு நூற்றிருபது ஃபிரேமில் எடுத்தது, மெதுவாக்கினாலும் திக்காது. பிடிக்க வந்தவளைத் தாண்டி இவள் தாவுவதை நாலில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்தேன். முன்னும் பின்னும் வரும் ஓட்டத்தை இரட்டிப்பாக முடுக்கிப் போட்டுக் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது.

"ஏனுங்கக்கா, என் கால் பத்தாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"இல்ல கண்ணு, எல்லாருக்கும் இப்படித்தான். ஒரு கெத்து வேணுமில்ல?"

"ஓடற காளைக்குத் தார்க்குச்சி எதுக்குங்க? நாளைக்கு நேர்ல ஓடச் சொன்னா உங்க கம்ப்யூட்டரா வந்து ஓடும்? தாவறத வேணா மெதுவாக் காட்டுங்க, நல்லாப் பாக்கட்டும்."

ஓட்டத்தை அதன் சொந்த வேகத்துக்கே கொண்டுவந்தேன். வேகம் மாறும் இடங்கள் வெட்டுப்படாமல் இருக்க, திரையில் வேகத்தைக் காட்டும் வளைகோட்டை மெல்ல இழுத்துவிட்டேன். மறுபடி ஓடவிட்டால், மெதுவான தாவலை அடுத்து வந்த அவளுடைய சொந்த ஓட்டம், முடுக்காமலேயே சீறியது.

"கீழ எழுதுங்கக்கா, ஓட்டத்துல வேகம் கூட்டலைன்னு."

"யாரும் அப்படியெல்லாம் எழுதறதில்லடி."

"நான் எழுதுவேனுங்க."

எழுதினேன், கொஞ்சம் பெரிய எழுத்திலேயே.