விரலுக்கடியில் நகர்ந்த வியாழக்கிழமை

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு, டோக்கன் பதிவு செய்யும் இணையப் பக்கத்தை நான்தான் செய்து கொடுத்தேன். வீட்டிலிருந்தே இந்த வேலை செய்கிறவள் நான். ஊரில் பத்துப் பதினைந்து கடைகளுக்கும் இரண்டு பள்ளிகளுக்கும் பக்கம் செய்திருக்கிறேன். ஆஸ்பத்திரிப் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று முதலில் ஒரு புகார் வந்தது. டாக்டர்களின் படங்களையெல்லாம் சுருக்கிப் போட்டேன். வேகம் கூடியது. சோதித்துப் பார்க்கும் கருவி பச்சை நிறத்தில் மதிப்பெண் காட்டியது. அதைப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

வரவேற்பில் இருக்கும் பெண் மட்டும் விடவில்லை. பேகம்பூர்க்காரி, என்னைவிட நாலைந்து வயது சிறியவள். வாரத்துக்கு ஒருமுறையாவது போன் செய்வாள்.

"அக்கா, இன்னைக்கும் ரெண்டு பேரு நாள் மாறி வந்து நிக்கிறாங்க. கேட்டா சரியாத்தான் போட்டோம்ங்குறாங்க."

"படிச்சுப் பாக்காம அமுக்குனா நான் என்னம்மா பண்றது?" என்பேன்.

அப்படிச் சொன்னது ஒருமுறை அல்ல. என் போனில் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு தடவைகூடத் தப்பாக விழவில்லை. அதனால் தப்பு ஆட்கள் மேல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை வேறு வேலையாக அந்த வழியே போனவள் ஆஸ்பத்திரிக்குள் எட்டிப் பார்த்தேன். வரவேற்பு மேசைக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். பக்கத்து நாற்காலியில் அவளுடைய அப்பா, வலது காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். சர்க்கரைப் புண். சிறுமலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, அத்தனை வளைவுகளையும் இறங்கி வந்திருக்கிறார்கள். காலைப் பார்க்கும் டாக்டர் மதுரையிலிருந்து வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். இவர்களுடைய டோக்கனோ புதன்கிழமைக்கு இருந்தது; குறுஞ்செய்தியில் வந்த அந்தத் தேதியை நம்பித்தான் கிளம்பியிருக்கிறார்கள்.

"நான் வியாழக்கெழமையத்தான் அமுக்குனேன்" என்றாள் அந்தப் பெண். சத்தம் போடவில்லை. சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன குரல்.

வரவேற்புப் பெண் என்னைப் பார்த்தாள். "இந்தா, பக்கத்தச் செஞ்ச அக்காவே வந்துட்டாங்க. இவங்ககிட்டயே சொல்லுங்க."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. "உங்க போன்லயே எப்படிப் போட்டீங்கன்னு ஒருக்கா காட்டுறீங்களா?" என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், அவள் எங்கே தப்புச் செய்தாள் என்று காட்டிக்கொடுக்கத்தான் கேட்டேன்.

பழைய போன். கண்ணாடியில் ஒரு மூலை விரிசல். பக்கம் திறந்தது. கிழமைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. அவள் நிதானமாகத்தான் இருந்தாள். வியாழன் என்ற வரியைக் கண்டுபிடித்து, விரலை அதற்கு மேலே கொண்டுபோய் வைத்தாள். விரல் படும் அந்தக் கணத்தில் பக்கத்தின் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை வந்து உட்கார்ந்தது. 'ஞாயிறு விடுமுறை' என்ற அறிவிப்பு. அது வந்ததும் கீழே இருந்த எல்லாம் ஒரு வரி இறங்கின. வியாழன் இருந்த இடத்துக்குப் புதன் வந்துவிட்டது. விரல் விழுந்தது புதன் மேல்.

அதற்கப்புறம் எதுவும் நடக்கவில்லை. வரி நிறம் மாறவில்லை, பக்கம் அசையவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் போன் செத்தது போலக் கிடந்தது. தொட்டது படவில்லை என்று நினைத்து அவள் மறுபடி அதே இடத்தில் தொட்டாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். திடீரென்று அடுத்த திரை வந்தது. அதில் 'உறுதி செய்' என்ற பொத்தானை அவள் விரல் இருந்த அதே இடத்தில்தான் நான் வைத்திருந்தேன். போன் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தபோது வரிசையில் காத்திருந்த இரண்டாவது தொடுதல், புதிய திரை வந்ததும் அந்தப் பொத்தான் மேல் போய் விழுந்தது. டோக்கன் பதிவாகிவிட்டது.

"பாத்தீங்களா, வந்துருச்சு" என்றாள் அவள். எந்தக் கிழமைக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியாது. நான் அனுப்ப வைத்திருந்த குறுஞ்செய்தியில் தேதிதான் இருந்தது, கிழமை இல்லை.

என் போன் புதிது, வீட்டில் நல்ல இணைப்பு. பட்டை எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாத வேகத்தில் எல்லாம் நடந்துவிடும். இந்தப் பழைய போனிலோ ஊருக்குள்ளேயே பட்டை தாமதமாக வருகிறது. மலையில் டவர் கிடைக்கிற லட்சணத்தில் அது நாலைந்து நொடி கழித்து, சரியாக ஆள் தொடப்போகும் நேரத்தில் வந்து சேர்ந்திருக்கும்.

அவளுடைய அப்பாவுக்கு அன்றைக்கு நர்ஸ் கட்டு மாற்றிவிட்டார். வியாழக்கிழமைக்கு வரவேற்புப் பெண் கையாலேயே பெயர் எழுதிக்கொண்டாள். மறுநாள் மறுபடி இறங்கி வரவேண்டும். எழுந்திருக்கும்போது அந்தப் பெரியவர் மகளிடம், "போட்டும் விடுத்தா, கீழ எறங்குனதுக்கு ரெண்டு பரோட்டாவாச்சும் தின்னுட்டுப் போவம்" என்றார். சர்க்கரை வியாதிக்காரர் கேட்கிற கேட்பைப் பாருங்கள் என்று நர்ஸ் கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானமே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடையில் சிறுமலைப் பெண் வைத்திருந்ததைப் போன்ற பழைய போன் ஒன்றை வாங்கினேன். அதை வயரில் மடிக்கணினியோடு இணைத்து, இணைப்பின் வேகத்தைக் குறைத்து வைத்துப் பக்கத்தைத் திறந்தேன். நான் பச்சை மதிப்பெண் வாங்கிய பக்கம் அந்தப் போனில் குதித்துக் குதித்து எழுந்தது.

முதலில் பட்டை. அறிவிப்பு வந்தாலும் வராவிட்டாலும் அதற்கான உயரத்தை முன்பே ஒதுக்கிவிட்டேன். வெற்று இடம் காத்திருக்கும், அறிவிப்பு வந்து அதில் உட்காரும், கீழே எதுவும் நகராது. படங்களைச் சுருக்கினேனே தவிர, அவற்றின் அகலம் உயரம் என்ன என்று பக்கத்தில் எழுதாமல் விட்டிருந்தேன். படம் வந்து சேரும்வரை அதற்கு எவ்வளவு இடம் விடுவது என்று போனுக்கு எப்படித் தெரியும்? எத்தனை சிறிய படமாக இருந்தாலும் தாமதமாக வந்தால் தள்ளத்தான் செய்யும். அதையும் எழுதினேன். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பழைய போன் இந்தப் பக்கத்திலிருந்து சேமித்து வைத்திருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, முதல்முறை வருகிறவரைப் போலத் திறந்தபோது வரிகள் மறுபடி இறங்கின. அரை நாள் தேடினேன். எழுத்துருதான் காரணம். அழகாக இருக்கிறதென்று நான் ஆசைப்பட்டுப் போட்ட தமிழ் எழுத்துரு இணையத்திலிருந்து வந்து சேரும்வரை, போன் தன்னிடம் இருக்கும் எழுத்தில் காட்டும். என்னுடையது கொஞ்சம் அகலம். அது வந்ததும், 'சர்க்கரை நோய் மற்றும் கால் புண் சிகிச்சை' என்று ஒரு வரியில் நின்ற தலைப்பு இரண்டு வரியாக உடைந்து எல்லாவற்றையும் கீழே தள்ளியது. இரண்டு எழுத்தின் அளவையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்தேன். சரியாக அமையவில்லை. கடைசியில் என் எழுத்துருவை எடுத்துவிட்டு, போனில் இருக்கும் எழுத்தையே வைத்துக்கொண்டேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்தது தொட்டால் மரத்துப்போகிற சங்கதி. தொட்டதிலிருந்து என்ன நடக்கிறது என்று கருவியில் பதிவு செய்து பார்த்தேன். நீளமான கட்டங்கள், ஓரத்தில் சிவப்பு முனையோடு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு கட்டமும் போன் ஒரு வேலையில் அளவுக்கு மீறி மாட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு கிழமையைத் தொட்டால், அந்த மாதம் முழுக்க எல்லா டாக்டருக்கும் உள்ள நேரங்களை என் நிரல் மொத்தமாகக் கட்டிக்கொண்டிருந்தது. கட்டி முடித்த பிறகுதான் தொட்ட வரிக்கு நிறம் மாற்றும். கூடவே, நோயாளிகள் கேள்வி கேட்பதற்காகப் பக்கத்தின் மூலையில் உட்கார்ந்திருக்கும் அரட்டைக் குமிழியின் நிரல் வேறு அதே நேரத்தில் ஓடியது. பக்கத்தின் வேலைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற இழை ஒன்றுதான். அது அங்கே மாட்டிக்கொண்டிருக்கும்போது, தொட்டவருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

வரிசையை மாற்றினேன். தொட்டவுடன் நிறம் மாற வேண்டும், அதைத் திரையில் வரைய, பக்கத்தைக் காட்டும் உலாவிக்கு இடம் விட வேண்டும், அதன் பிறகே மற்ற வேலை. மாதம் முழுக்கக் கட்டுவதை விட்டு, தொட்ட அந்த ஒரு நாளை மட்டும் கட்டச் சொன்னேன். மிச்சத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் போன் மூச்சுவிட வழி வைத்தேன். 'உறுதி செய்' பொத்தானை அடியில் தள்ளி, அதற்கு மேலே கிழமையைப் பெரிய எழுத்தில் போட்டேன். குறுஞ்செய்தியிலும் கிழமை வந்தது.

குமிழியை எடுக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. "மதுரையில எல்லா ஆஸ்பத்திரியும் வச்சிருக்கான்ம்மா" என்றார். நான் அந்தப் பழைய போனை அவர் கையில் கொடுத்து, நான் திருத்துவதற்கு முந்தைய பக்கத்தில் வியாழக்கிழமைக்கு ஒரு டோக்கன் போடச் சொன்னேன். போட்டார். புதன் விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி புதன். மூன்றாவது தடவை போனை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். குமிழி இருக்கட்டும், ஆனால் யாராவது அதைத் தொட்டால் மட்டும் அதன் நிரல் வரட்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

அந்த வாரத்துக்குப் பிறகு வரவேற்பிலிருந்து நாள் மாறிய புகாராக போன் வருவது குறைந்தது. ஒருநாள் வரவேற்புப் பெண்ணே கூப்பிட்டு, இந்த வாரம் ஒருத்தர்கூட மாறி வரவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, சிறுமலைப் பெரியவருக்குக் காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னாள். "அந்த ஒரு நாளால இல்லக்கா. முன்னாடி வந்திருந்தாலும் எடுத்துத்தான் இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு." அது உண்மையாக இருக்கலாம். எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம்.

பெரியவருக்குக் கட்டுப் பிரிக்க வந்த ஒரு வியாழக்கிழமை அவருடைய மகளைத் தேடிப் போய்ப் பார்த்தேன். "அன்னைக்கு உங்க மேல தப்பே இல்லை. பக்கம்தான் நகந்துச்சு. அதச் செஞ்சது நான்" என்றேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கண்ணு மங்கிருச்சுன்னுல்ல நெனச்சேன். ஒரு கெழமையக்கூடப் பாத்து அமுக்கத் தெரியல, இனிமே போனத் தொடாதன்னு வீட்டுல அம்புட்டு ஏச்சு. நானும் அதுக்குப் பெறகு தொடவே இல்ல. எல்லாம் எங்க வீட்டுக்காரருதான் போட்டுக்கிட்டு இருக்காரு." பிறகு கேட்டாள்: "இத அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுறீங்களா?"

வராண்டாவில் நின்றபடியே அவளுடைய கணவருக்கு போன் போட்டுக் கொடுத்தாள். மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். பட்டை வந்ததையும் வரி இறங்கியதையும் நான் விளக்கி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு, "அப்ப அவ சரியாத்தான் அமுக்கிருக்கா" என்றார்.

"ஆமாங்கண்ணே. சரியாத்தான்."

போனை வாங்கி அவள் காதில் வைத்துக்கொண்டாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமைக்கு டோக்கனை அவளே போட்டாள், என் முன்னால் நின்றுகொண்டு, ஒரே தொடுதலில்.