போகாமலே திரும்பிய பாய்

அறுபதுகளின் தொடக்கத்தில், கோயமுத்தூர் மில் ஒன்றில் நெய்த படகுப் பாய்த்துணியை விற்க நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்துக்குப் போனேன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் உப்பு உண்டு என்பதுதான். இட்லி, காபி முடித்துப் பத்து மணிக்குக் கரைக்குப் போனால் ஒரு கட்டுமரம்கூட இல்லை. வேலை நேரத்தில் ஊரே எங்கே போய்த் தொலைந்தது என்று எரிச்சலாக வந்தது.

மதியத்துக்கு மேல் எல்லோரும் பாய் விரித்துத் திரும்பினார்கள். கரையேறிய ஒரு மீனவரிடம், "ஏனுங்க, இப்பவே நம்ம துணியைக் கட்டி ஒரு சுத்து போய்ப் பாத்துப்போடலாமுங்க" என்றேன்.

"இப்ப மணல் கொதிக்குது சார். காத்து கடல்லேருந்து கரைக்கு வருது. விடியறதுக்கு முன்ன மணல் குளுந்து கெடக்கும், காத்து கரையிலேருந்து கடலுக்குப் போவும். அப்பத்தான் பாய் விரிச்சுக் கெளம்புவோம்."

"நல்ல துணிக்கு நேரங்காலம் ஏதுங்க?" என்று அதட்டினேன்.

நான் மாதிரிக்குத் தைத்துக் கொண்டுவந்த பாயை அவர் கட்டுமரத்தில் கட்டினார். துடுப்புப் போட்டு அலையைத் தாண்டியதும் விரித்தோம். துணி காற்றை வாரி வாங்கி, எங்களை நேராக மணலில் கொண்டுவந்து வைத்தது. நான் விடவில்லை. மூன்று முறையும் அதே மணல், அதே இடம்.

சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்க்காமல் அவர் தையலைத் தடவிப் பார்த்தார்.

"துணியில கொறையே இல்ல சார். போகாத ஆளையே மூணு தடவ கரை சேத்துடுச்சு."