போதும்னு சொன்ன வாய்

“நான் படிச்சதையெல்லாம் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போகவா அத்தை? சொல்லுங்க!”

என் மருமக என்னைப் பார்த்துக் கத்தின முதல் தடவை அதுதான். பன்னெண்டு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம். எப்பவும் நான் கத்துவேன், அவ கதவைச் சாத்திக்குவா. அன்னைக்கு அவ கத்தினா, நான் கதவைத் தேடினேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். “வேலைக்கு எழுதிப் போடுறப்ப அந்தப் பெரிய பட்டத்தையும் பெரிய வேலையையும் எழுதாம விடேன்டி. சின்ன டிகிரி மட்டும் போடு. யாருக்குத் தெரியப் போகுது?” எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாது. படிப்பை ஒளிச்சு வைக்கிற வித்தை மட்டும் எங்க தெரியும்?

“அப்புறம் நடுவுல இருக்கிற பதினஞ்சு வருசம் எங்க போச்சுன்னு கேப்பாங்க. ஜெயில்ல இருந்தேன்னு சொல்லவா?”ன்னா.



அவ ஒரு மருந்துக் கம்பெனியில சோதனைக்கூடத்துக்கே தலைவி. அவ கீழ இருபத்திரண்டு பேர். தெருவுல எல்லாரும் டாக்டரம்மான்னுதான் கூப்பிடுவாங்க. ஊசி போடச் சொல்லிப் பாதிப் பேர் வந்து நிப்பாங்க. நான் அந்த டாக்டர் இல்லைன்னு சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப் போச்சு. கம்பெனி இங்க இருந்த கிளையை மூடிருச்சு. எட்டு மாசமா வீட்டுல இருக்கா. ஏழு இடத்துல கேட்டா. ஏழு பேரும் ஒரே பல்லவி: “உங்களுக்கு இது ரொம்பச் சின்ன வேலை மேடம்.”

இதுல பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டுது. ரயில்ல ஒரு ராத்திரி தூரத்துல இருக்கிற கிளைக்கு. அதே நாற்காலி, அதே சம்பளம். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். என் மவன் பஸ் டிரைவர், அவன் வேலையை விட்டு வர முடியாது. பேத்திக்குப் பத்து வயசு. அம்மா போனா அந்தப் புள்ளைக்கு மாசத்துக்கு ரெண்டு நாள் அம்மா, அவ்வளவுதான்.

எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு தண்ணி சோதிக்கிற இடம் இருக்கு. ஓட்டல், ஆஸ்டல்னு கொண்டு வர்ற தண்ணியை வாங்கி, சோதிச்சு, கண்ணாடியெல்லாம் கழுவி வைக்க ஒரு ஆள் கேட்டிருந்தாங்க. அங்கதான் அன்னைக்குப் போயிட்டு வந்தா. சொல்லி அனுப்புறோம்னாங்களாம். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குமே தெரியும். அதான் அந்தச் சண்டை.

மறுநாள் காலையில நானே கிளம்பினேன். யாருக்கும் சொல்லல. எங்க வீட்டுத் தண்ணியைச் சோதிக்கணும்னு சாக்கு. முன் மேசையில உக்காந்திருந்த தம்பி, அங்க சூப்பர்வைசராம், ஒரு பாட்டில் குடுத்தான். நான் சுத்தக்காரி இல்லையா? அங்க இருந்த குழாயில பாட்டிலை மூணு வாட்டி அலசினேன்.

“ஐயோ பாட்டி! அலசக் கூடாது!”

உள்ள இருந்து முதலாளியம்மா எட்டிப் பார்த்து சிரிச்சாங்க. பாட்டில் அடியில ஒரு மருந்து போட்டிருக்காம். தண்ணியில கலந்திருக்கிற குளோரினை அது அடக்குமாம். அலசிட்டா மருந்து போயிரும், வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்னுக்கிட்டே வரும், கெட்ட தண்ணியும் நல்ல தண்ணின்னு பேர் வாங்கிரும். வேற பாட்டில் குடுத்தாங்க.

“நேத்து ஒரு ஆள் இதே மாதிரி அலசினார். இன்டர்வியூக்கு வந்த ஒரு மேடம்தான் பார்த்துச் சொன்னாங்க”ன்னான் தம்பி.

“அது என் மருமக”ன்னேன். சாக்கு அங்கயே செத்துச்சு.

முதலாளியம்மா என்னை உள்ள உக்கார வச்சாங்க. நான் கொட்டித் தீர்த்தேன். பாவம்மா, எந்த வேலை குடுத்தாலும் செய்வா, சம்பளம் எவ்வளவா இருந்தாலும் சரி, வீட்டுல கஷ்டம்னு. சொல்லச் சொல்ல அந்தம்மா மூஞ்சி சுருங்கிக்கிட்டே போச்சு.

“எந்த வேலையும்னா இந்த வேலை இல்லைன்னு அர்த்தம்மா. போன வருசம் ஒரு பொண்ணு, நிறையப் படிச்சவ. ஒவ்வொரு சோதனையா பழக்கி, தனியா செய்யலாம்னு எழுதிக் குடுக்கவே நாலு மாசம் ஆச்சு. அஞ்சாவது மாசம் போயிட்டா. உங்க மருமக என்ன சொன்னாங்க தெரியுமா? ‘இது எனக்குப் போதும்’னாங்க. போதும்னு சொல்றவங்க பசி எடுத்தா எழுந்து போயிருவாங்க. அந்தத் தம்பிக்கு முப்பது வயசு. அவன் சொல்றதை இவங்க கேப்பாங்களா?”

“அவகிட்டயே கேளுங்க. இன்னொரு வாட்டி கூப்பிடுங்க”ன்னேன். எனக்குப் புத்தி வந்தது அந்த ஒரு இடத்துலதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவ கத்தல. அதுதான் பயமா இருந்துச்சு. பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே, “போதும்னா சொன்னேன்?”னு மட்டும் கேட்டா. ரொம்ப நேரம் அதே தட்டைக் கழுவினா.

சனிக்கிழமை கூப்பிட்டாங்க. அந்தப் பாட்டில்ல நான் பிடிச்சுக் குடுத்திருந்த எங்க வீட்டுத் தண்ணிக்கும் ரிசல்ட் வாங்க வேண்டியிருந்துச்சு. நான் வெளிய பெஞ்சுல. கதவு பாதி திறந்து கிடந்துச்சு. காதை மூடிக்கவா முடியும்?

“அன்னைக்குப் போதும்னு சொன்னது தப்பு மேடம். வேணும்னு சொல்லியிருக்கணும்.” மருமக குரல். “ஏழு வருசமா நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். நாள் முழுக்க மீட்டிங். கடைசி வருசம் ஒரு நாள் ஆள் வரலைன்னு நானே சோதிக்க உக்காந்தேன். கை மறந்து போச்சு. அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். எனக்கு மறுபடியும் மேசையில நின்னு வேலை செய்யணும். அஞ்சு மணிக்கு நடந்து வீட்டுக்குப் போகணும். அந்த ரெண்டும் இங்க இருக்கு.”

“பழைய கம்பெனி கூப்பிட்டா?”

“கூப்பிட்டாங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும்.” செல்போனை மேசையில வைக்கிற சத்தம் கேட்டுச்சு. “நீங்களே படிங்க.”

ஏன்டி இதைக் காட்டுறன்னு ஓடிப் போய்ப் பிடுங்கலாம் போல இருந்துச்சு.

“இவ்வளவு சம்பளமா? எங்களால இதுல பாதி கூடக் குடுக்க முடியாது.”

“தெரியும். எட்டு மாசமா அதை விடக் கம்மியில குடும்பம் நடத்திப் பார்த்துட்டோம். சாகுற வரைக்கும் இருப்பேன்னு சொன்னா பொய். ரெண்டு வருசம் இருப்பேன். அப்புறம் போறதா இருந்தா மூணு மாசம் முன்னாடி சொல்லி, வர்ற ஆளுக்குப் பழக்கிட்டுப் போவேன். எழுதியே தரேன்.”

“சூப்பர்வைசர் உங்களை விடச் சின்னவர்.”

“அவர் பார்க்காம என் ரிசல்ட் வெளிய போகாது. தப்புன்னு பட்டா தனியாக் கேப்பேன். அன்னைக்குப் பாட்டிலை அலசின வாடிக்கையாளர்கிட்ட நானே சொன்னது கூட முறையில்ல. அவர்கிட்டதான் சொல்லியிருக்கணும்.”



“எனக்கு இன்னும் முழுசா நம்பிக்கை வரல. மறைக்காம சொல்றேன்”னாங்க அந்தம்மா. “மூணு மாசம் பாக்கலாம். அதுக்கப்புறம்தான் நிரந்தரம். அதுவும் உறுதியில்ல. இதுக்காக அதை விடுறது உங்க பாடு.”

திங்கக்கிழமை அவ கம்பெனிக்கு வரலைன்னு சொல்லிட்டா. போனை வச்சுட்டு என் பக்கம் திரும்பினா. “மூணு மாசம் கழிச்சு அவங்க வேண்டாம்னா, அத்தை?”ன்னா. ஒண்ணும் ஆகாதுன்னு பொய் சொல்ல எனக்கு வாய் வரல. “அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து கத்துவோம்”னேன்.

வேலைக்கு வெள்ளைக் கோட்டு வேணும். நிரந்தரம் ஆனவங்களுக்குத்தான் அங்க குடுப்பாங்களாம். பழைய கோட்டை எடுத்தா. பாக்கெட் மேல கம்பெனி பேரும் ‘தலைவர்’னும் நீல நூல்ல தைச்சிருந்துச்சு, அவதான் படிச்சுக் காட்டினா. பிளேடை வச்சு நூலைப் பிரிச்சேன். எழுத்து போச்சு, தடம் போகல. யாரு வேணும்னாலும் படிக்கலாம், என்னைத் தவிர.

அந்தக் கோட்டை ஆணியில மாட்டிட்டு, ரெண்டு பேரும் கடைக்குப் போய், பாக்கெட்டுல ஒண்ணுமே எழுதாத கோட்டு ஒண்ணு வாங்கினோம். பேரம் பேச விடல அவ. நானூத்தி எழுபது ரூபா.