ஹேமநாதனுக்கு எழுதிய பத்து வரி

கெர்ட்ரூட் அக்காவுக்கு நன்றி சொல்லவே வராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, பதினாறு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். செனாயில் எங்கள் தொழிற்சாலையில் அவர் லைன் சூப்பர்வைசர், நான் தரம் பார்க்கிறவள். யாராவது நல்ல வேலை செய்தால் அவர் "ம்ம்" என்பார். ரொம்ப நல்ல வேலை என்றால் "ம்ம், சரி" என்பார். அந்தச் "சரி"க்காக ஒரு வாரம் சந்தோஷமாகத் திரிந்தவர்கள் உண்டு, நானும் திரிந்திருக்கிறேன்.

பொந்தியானில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார், பிறகு மலாய்ப் பள்ளி, பதினெட்டு வயதில் தொழிற்சாலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு காலை பூசைக்குப் போவார், மாலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைப்பார். இப்போது வயது ஐம்பத்து மூன்று. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும், சீனர் கடையில் விற்குமே, உள்ளங்கை அளவு, அது. ஷிப்டில் நடந்த தப்பெல்லாம் அதில் ஏறும். "லைன் இரண்டு, ஸ்க்ரூ இல்லை." "லேபிள் கோணல்." தப்பு மட்டும்தான். யார் எதைச் சரியாகச் செய்தார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது.

இந்த வருடம் எங்களுக்கு வந்தது ஒரு புது மெஷின். மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கிற மெஷின். பதினோரு வாரத்தில் முதல் கண்டெய்னர் போயாக வேண்டும். சனி, ஞாயிறு எல்லாம் ஓவர்டைம். எங்கள் குழுவில் அக்காவைத் தவிர்த்துப் பதிமூன்று பேர். அதில் ஒருத்தன் ஹேமநாதன், டெஸ்ட் பார்க்கிற டெக்னீஷியன். கோத்தா திங்கிக்காரன். செனாயில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அதிகம் பேசமாட்டான், ஆனால் பிடித்தால் விடமாட்டான்.

பத்தாவது வாரம் அவன் ஒன்றைப் பிடித்தான். மெஷினை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் போதும் என்றுதான் தாளில் இருந்தது. இவன் இரண்டு மணி நேரம் ஓட்டினான். ஒன்றரை மணி நேரத்தில் மோட்டார் சூடாகிக் கருகல் வாசம் வந்தது. மோட்டாரை மாற்ற வேண்டும், மாற்றியதை மறுபடி இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான். எல்லாரும் முணுமுணுத்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே முணுமுணுத்தேன்.

பதினோராவது வாரம் வியாழக்கிழமை அவன் அக்காவிடம் வந்து நின்றான்.

"அக்கா, அப்பாவுக்கு முடியல. நாளைக்கு லீவு வேணும்."

"சனிக்கிழமை கண்டெய்னர் போகட்டும் தம்பி. அப்புறம் எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்க."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவன் அப்பா ஐயாசாமி இரண்டு வருடமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தவர். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தோம். வெள்ளிக்கிழமை மதியம் ஹேமநாதன் டெஸ்ட் அறையில் இருந்தான். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும். இரண்டு நாற்பதுக்குக் கடைசி மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து போனை எடுத்தான். தங்கச்சி பதினொரு தடவை கூப்பிட்டிருந்தாள். அப்பா இரண்டேகாலுக்கே போய்விட்டார்.

கண்டெய்னர் சனிக்கிழமை போனது. ஞாயிறு அடக்கம் முடிந்து, புதன்கிழமை அவன் வேலைக்கு வந்துவிட்டான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மேலாளர் ராஜசேகரன் எங்களைக் கூப்பிட்டார். "எல்லாருக்கும் ஒரு தேங்க்யூ கார்டு, ஒரு பழக்கூடை. ஆபீஸ்ல ஃபார்மட் இருக்கு, பேரை மட்டும் மாத்திடுங்க லா."

பெயரை மாற்றியது நான்தான். மலாய் மொழியில் அச்சடித்த பதிமூன்று அட்டை. உங்கள் அயராத உழைப்புக்கும் அர்ப்பணிப்புக்கும் நன்றி. நீங்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவர். இனி உங்கள் குடும்பத்தோடு மகிழ்ச்சியாக நேரம் செலவிடுங்கள். அக்கா பதிமூன்றிலும் கையெழுத்துப் போட்டார். நான் உறையில் போட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுமே தோன்றவில்லை. இதை எழுதும்போதும் என் முகம் சுடுகிறது.

திங்கள்கிழமை காலை ஹேமநாதன் வேலையை விடும் கடிதத்தை அக்கா மேசையில் வைத்தான்.

"என்ன தம்பி, சிங்கப்பூரா?" என்று நான் கேட்டேன், எங்கள் பக்கத்தில் வேலையை விடுகிறவர்கள் எல்லை தாண்டி அங்கேதான் போவார்கள். என் வாய் அப்படி.

"ஆமாக்கா. இங்க இருந்தா வீட்டுக்குப் போயிட்டு வரணும். போக முடியல." கடிதத்தை அக்கா பக்கம் நகர்த்தினான். "நானும் அப்பாவும் தைப்பூசத்துல சண்டை போட்டு, ஒரு மாசமா பேசல. அந்தக் கோவத்துலதான் நான் வரலன்னு அம்மா நினைக்கிறாங்க. வேலைன்னு சொன்னா நம்பல. சனிக்கிழமை கூடையைக் கொண்டுபோனேன். அம்மா அட்டையை எடுத்து என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்க. படிச்சுக் காட்டினேன். குடும்பத்தோட மகிழ்ச்சியா இருன்னு வந்தப்ப கையால நிறுத்தச் சொல்லிட்டாங்க. அதோட என்கிட்ட பேசுறதே இல்ல."

அவன் போன பிறகு அக்கா மேசையைப் பிடித்தபடி நின்றார். நான் அவரை அழ வைக்க நினைக்கவில்லை, ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து அந்தப் புள்ளைய வீட்டை விட்டு அனுப்பிட்டோம்" என்றேன்.

மத்தியானம் கேன்டீனில் அக்கா சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தார். தமிழில் எழுதப் போவதாகச் சொன்னார், அந்த அம்மா தானே படிக்கட்டும் என்று. ஆறாம் வகுப்புக்குப் பிறகு அவர் தமிழில் எழுதியதே இல்லை. அரை மணி நேரம் கழித்துத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"உங்கள் தன்னலமற்ற சேவை..." என்று ஆரம்பித்தது. படித்தேன். "இதுல பேரை மாத்தி எனக்குக் குடுத்தாலும் பொருந்தும். ஏன், கேன்டீன் ஆளுக்குக் குடுத்தாலும் பொருந்தும். அந்த அட்டை மலாயில இருந்துச்சு, இது தமிழ்ல இருக்கு. வேற என்ன?"

செவ்வாய்க்கிழமை இரண்டாவது தாள் வந்தது. அப்பா மேலே இருந்து பார்த்துப் பெருமைப்படுவார் என்று இருந்தது. "அவரு பெருமைப்படுறாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றேன். அதைப் பேனாவால் அடித்துவிட்டார். அன்று மாலை மூன்றாவது. அதில் முழுப் பக்கமும் அக்காவின் வேதனை: தூக்கம் வரவில்லை, கோயிலில் முழங்காலில் நின்றேன், நான் பாவி. "அக்கா, இது நன்றியா, பாவசங்கீர்த்தனமா? இதைப் படிச்சா அவன்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்லணும்." கடைசி வரியில், தொடர்ந்து ஒத்துழைப்புத் தருவாய் என நம்புகிறேன் என்று வேறு இருந்தது. "போறவன்கிட்ட இன்னும் வேலை கேக்குறீங்க."

அலமாக் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "பின்ன என்னதான் எழுதுறது வாசுகி?"

"அவன் என்ன செஞ்சான்? அதை எழுதுங்க."

அக்கா நோட்டை எடுத்துப் புரட்டினார். அந்த வாரப் பக்கத்தில் ஹேமநாதன் பெயர் ஒரு தடவை இருந்தது. "ஹேமன், டெஸ்ட் தாமதம்." அவ்வளவுதான். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு எழுந்து டெஸ்ட் அறைக்குப் போனார். பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு மெஷினின் நேரத்தையும் பார்த்தார். மோட்டார் விஷயத்தைப் பக்கத்து மேசைப் பையனிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டார். புதன்கிழமை கொண்டுவந்த தாளில் பத்து வரி இருந்தது. நான் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

அதை அவனிடம் தனியாகக் கொடுத்தார். ராஜசேகரனுக்கு எப்படியோ தெரிந்து, நோட்டீஸ் போர்டில் போடலாமே, மற்றவர்களுக்கும் உற்சாகமாக இருக்கும் என்றார். "அது அவனுக்கு எழுதினது சார்" என்றார் அக்கா. மற்ற பன்னிரண்டு பேருக்கும் நேரில் போய் ஆளுக்கு ஒரு வாக்கியம் சொன்னார். கோணலாக இருந்த நானூறு லேபிளைப் பிரித்து மறுபடி ஒட்டிய பெண்ணிடம் அந்த நானூறைச் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹேமநாதன் தாளை மடித்துத் திருப்பி நீட்டினான். "நான் கொண்டுபோனா நானே எழுதினேன்னு நினைப்பாங்க. சனிக்கிழமை பதினாறாம் நாள். நீங்க வந்து அம்மாகிட்ட படிங்கக்கா."

சனிக்கிழமை கோத்தா திங்கிக்குப் போனோம். சடங்கு முடிந்து உறவுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மா வெள்ளையம்மா, ஐயாசாமியின் படத்துக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். அக்கா எதிரில் உட்கார்ந்து, தாளைப் பிரித்துப் படித்தார்.

"ஹேமநாதன் தம்பிக்கு. அரை மணி நேரம் ஓட்டினால் போதும் என்று தாளில் இருந்தது. நீங்கள் இரண்டு மணி நேரம் ஓட்டினீர்கள். அதனால்தான் மோட்டார் சூடாவது தெரிந்தது. அது குழந்தைகளின் தலைமாட்டில் இருக்கப் போகிற மெஷின். மாற்றச் சொன்னீர்கள், நாங்கள் முணுமுணுத்தோம். வியாழக்கிழமை அப்பாவைப் பார்க்க லீவு கேட்டீர்கள். நான் இல்லை என்றேன். வேறு லைனிலிருந்து ஆள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை..."

வெள்ளையம்மா கையைத் தூக்கினார். "வியாழக்கிழமை கேட்டானா?"

"கேட்டாரும்மா."

"நீங்கதான் வேணாம்னீங்களா?"

"நான்தாம்மா."

அக்கா மிச்சத்தைப் படித்தார். "வெள்ளிக்கிழமை இரண்டு நாற்பது வரை மெஷினோடு இருந்தீர்கள். அந்த நேரம் உங்கள் அப்பாவுடையது. நன்றி. மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் கேட்கிறேன்."

வெள்ளையம்மா தாளை வாங்கி, தானே ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். அக்காவின் கோணல் எழுத்து, நேரமானது. பிறகு வாசலில் நின்ற மகனைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைங்க மிஷினு, இப்ப சூடாவாதா?"

"ஆவாதும்மா" என்றான் ஹேமநாதன்.

"அவரு ரெண்டு மணி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாருடா" என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மா அழுதார். அவன் உள்ளே வந்து அம்மா மடியில் தலை வைத்தான். நானும் அழுதேன்.

அவர் அக்காவை மன்னித்தார் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்குச் சாப்பாடு போட்டார், தண்ணீர் வைத்தார், அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது அலமாரியில் இருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பழைய அட்டை.

"கடுதாசி எங்ககிட்ட இருக்கட்டும். இதை நீங்க கொண்டு போங்க."

ஹேமநாதன் அடுத்த மாதம் சிங்கப்பூர் போய்விட்டான். சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருகிறானாம். அக்காவின் நோட்டில் இப்போது தப்புகளுக்கு எதிர்ப்பக்கத்தில் வேறு வரிகள் இருக்கின்றன, யார் என்ன செய்தார்கள், யார் எதற்கு லீவு கேட்டார்கள் என்று. அட்டை அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நேற்று பேனா தேடித் திறந்தபோது பார்த்தேன். ஹேமநாதன் என்று நான் அடித்த பெயரும், அக்காவின் கையெழுத்தும், அப்படியே இருந்தன.