மேற்கோளுக்குள் ஒரு செமிகோலன்

திருப்பதியில் லாட்ஜ் அறைப் பதிவுக்கு மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகம் எங்களுடையது. சித்தூரிலிருந்து ஆறு வருடமாகப் பஸ்ஸில் போய் வருகிறேன். டீம் லீட் இடம் காலியானபோது அது எனக்குத்தான் என்று இருந்தேன். அப்புறம் புதிதாக நகரியிலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். மேனேஜர் எதற்கெடுத்தாலும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு குக்கி வரி, அதாவது வாடிக்கையாளர் விவரத்தை எங்கள் சர்வருக்குச் சுமந்து வரும் சின்னக் குறிப்பு, வந்து சேர்ந்தது. லாட்ஜ்களில் வைத்திருந்த பழைய பதிவு மெஷின், பிரவுசர்கள் அனுப்பாத மாதிரியெல்லாம் அனுப்பும்:

id=71; room="Alipiri; 2 beds"; lang=te

பெயர், சமக்குறி, மதிப்பு. ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே செமிகோலன். என் நிரல் கண்ட செமிகோலனில் எல்லாம் வெட்டியது. room பாதியில் நின்றது, 2 beds அநாதையாகத் தொங்கியது. இரண்டு கட்டில் கேட்டவர்களுக்கு ஒற்றைக் கட்டில் அறை போனது. மேனேஜர் வேலையை அவளிடம் கொடுத்தார், சரிபார்ப்பதை என்னிடம்.

அவள் வெட்டவே இல்லை. எழுத்து எழுத்தாக நடந்தாள். மேற்கோள் குறி வந்தால் 'உள்ளே', மறுபடி வந்தால் 'வெளியே'. வெளியே இருக்கும்போது வரும் செமிகோலன்தான் ஜோடியை முடிக்கும். முதல் சமக்குறியில் மட்டும் பெயரும் மதிப்பும் பிரியும். இருபது வரிதான். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று ஆத்திரமாக வந்தது.

குறை தேடினேன். இல்லாமல் போகுமா? கிடைத்தது:

room="32\" TV; 2 beds"

அங்குலக் குறியும் மேற்கோள் குறியும் ஒன்றே என்பதால், டிவியின் அங்குலக் குறிக்கு முன்னால் சாய்கோடு போட்டு அனுப்புகிறது மெஷின். இது மதிப்பில் ஒரு எழுத்து, முடிவு இல்லை என்று அதற்கு அர்த்தம். அவள் நிரல் அங்கேயே வெளியே வந்துவிடும், அடுத்த செமிகோலனில் அறுபடும். நான் ஒன்றும் எழுதவில்லை. 'சரி' என்று ஒப்புதல் போட்டேன். அவள் நிரல் லாட்ஜ்காரர்கள் முன்னால் விழட்டும் என்று நினைத்தேன். அன்று பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை மேனேஜரும் நானும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்தாள்.

"அண்ணா, லாட்ஜ் லிஸ்ட்ல இருக்கற முப்பத்திரண்டு இஞ்ச் டிவி ரூமை ராத்திரி நெனச்சிக்கினு இருந்தேன். சாய்கோடு வந்தா அடுத்த எழுத்தை அப்படியே எடுத்துக்கணும், கோட்டை விட்டுட்டேன். இப்ப சரி பண்ணிட்டேன். நீங்களும் பாக்கல போல?"

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தேன் என்றால், பார்த்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். பார்க்கவில்லை என்றால், ஆறு வருடத்தில் கற்றது இவ்வளவுதானா என்று ஆகும்.

"பாக்கலம்மா," என்றேன்.

"பரவால்ல அண்ணா, எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அடுத்த வாரம் லீட் ஆனவள், இன்றும் என் நிரலை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் ஒப்புதல் போடுகிறாள்.