டோக்கன் தாளில் நான் எழுதிய எண்

அலுவலகத்துக்கு வரும் எந்தத் தாளும் வந்த அன்றே பதிவேட்டில் ஏறி, எண்ணும் தேதியும் பெற வேண்டும். கொடுத்தவருக்கு ரசீது தர வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டுகள் இதைச் செய்தும், செய்யாதவர்களுக்கு மெமோ கொடுத்தும் ஓய்வுபெற்றவன் நான். தனியார் ஆஸ்பத்திரியை இந்த விதி கட்டுப்படுத்தாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எதிர்பார்த்தேன்.

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி புதுக் கட்டடம் திறந்தபோது, சான்றிதழோடு நேரில் வரச்சொல்லி விளம்பரம் கொடுத்திருந்தார்கள். என் மருமகள் லேப் டெக்னீஷியன். பிள்ளை பிறந்தபின் ஆறு வருடம் வேலைக்குப் போகவில்லை. இன்னும் ஒரு வருடம் போனால் எந்த லேபிலும் கூப்பிடமாட்டார்கள் என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். குன்னத்துகாலிலிருந்து முதல் பஸ்ஸில் இருவரும் போனோம். அதற்குள் நூற்றுக்கணக்கில் ஆள். அவள் மர நிழலில் சான்றிதழ் நகல்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வரிசையில் நின்றேன்.

ஜன்னலில் இருந்த தாளில் இரண்டே கட்டங்கள்: டோக்கன் எண், மொபைல் எண். பெயருக்கு இடமில்லை. இதையும் ஒரு பதிவேடு என்கிறார்களே என்று பின்னால் நின்றவரிடம் சொல்லிச் சிரித்தேன். 217க்கு நேராக என் எண்ணை எழுதினேன். அந்த டோக்கனோடு அவள் உள்ளே போய் நேர்காணல் முடித்து வந்தாள்.

ஒரு மாதம் சத்தமில்லை. தானே நாலு வரி மெயில் போடுவதாக அவள் சொன்னாள். மெயிலையெல்லாம் யார் படிப்பார் என்று தடுத்தேன். இரண்டு பக்கக் கடிதம் நானே எழுதினேன். பத்திகளுக்கு எண், மேலே பொருள், பார்வை, கீழே என் கையெழுத்தும் பழைய பதவியும். ஸ்பீட் போஸ்டில் மூன்று முறை போனது. மூன்றும் சேர்ந்ததற்குச் சான்று என் ஃபைலில் இருக்கிறது.

முதல் கடிதம் போன வாரத்தில் ஒரு போன் வந்தது. பெண் குரல். "பேரு ஒந்நு பறயாமோ?" என்றது. யாரென்று சொல்லாமல் பெயரைக் கேட்பது எந்த ஊர் முறை என்று கேட்டேன். அவளுடைய பெயர், பதவி, அலுவலகம், அழைத்த காரணம், வரிசையாகச் சொல்லச் சொன்னேன். அவள் "சாரே..." என்று தொடங்குமுன் துண்டித்து, எண்ணை பிளாக் செய்தேன். வங்கி மோசடிக்காரர்களைப் பற்றித் தினமும் பேப்பரில் வந்துகொண்டிருந்த சமயம். அமரவிளை டீக்கடையில் இதைச் சொன்னபோது நல்ல மரியாதை கிடைத்தது.

"பாவம் அவ. சாருக்கிட்டயா போய் மாட்டணும்?" என்றார் கடைக்காரர்.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் ஒருநாள் மருமகள் என்னிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். குடையை மடக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"மாமா, அந்த டோக்கன் தாள்ல எந்த நம்பரு குடுத்தீங்க?"

"என் நம்பருதான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆள்சேர்ப்புப் பிரிவுப் பையன் சொன்னதை அப்படியே சொன்னாள். நேர்காணல் மதிப்பெண் தாளில் டோக்கன் எண் மட்டும்தான் இருந்ததாம். பயோடேட்டாக்கள் தனிக் கட்டாகக் கிடந்ததால், தேர்வானவர்களை டோக்கன் தாளைப் பார்த்தே அழைத்தார்களாம். பெயர் தெரியாததால் பெயரைக் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருந்தது. 217 தேர்வாகியிருந்தது. முதல் நாள் யாரோ ஒரு ஆள் சண்டை பிடித்தார். அடுத்த இரண்டு நாளும் லைன் போகவில்லை. பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் கடிதங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறாள். வேறொருவர் கேட்டால் விண்ணப்பதாரரின் விவரம் தருவதில்லையாம். அவை புகார் ஃபைலில் இருக்கின்றன.

"எனக்க நம்பரு மாமாக்கு உண்டுல்லா?"

"போன்ல உண்டு" என்றேன்.

அந்த ஜன்னலிலும் போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணின் எண் எனக்கு மனப்பாடமில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் மெயில் எழுதி என்னிடம் காட்டினாள். பெயர், பதவி, நேர்காணல் நடந்த நாள், சரியான எண். கைபேசி எண்ணைத் தவறாகக் கொடுத்துவிட்டேன், காலியிடம் வந்தால் கருதவும் என்று முடிந்தது.

"நான்தான் தப்பா எழுதினேன்னு போடு."

"அதெல்லாம் அவியளுக்கு எதுக்கு மாமா? வேல கிட்டினா போதும்."

திருத்த அதில் ஒரு எழுத்தும் இல்லை. அந்த ஆஸ்பத்திரி எண்ணைத் தேடி பிளாக்கை நீக்கினேன். இனி அது என்னை அழைக்கக் காரணம் எதுவும் இல்லை என்றாலும். டீக்கடையில் சொன்ன கதையை மட்டும் இன்றுவரை திருத்திச் சொல்லவில்லை. கடைக்காரர் புதிதாக வருகிறவர்களிடம் அதைச் சொல்லும்போது நான் கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவளுக்குப் பதிலாகச் சேர்ந்த பெண் கல்ஃபுக்குப் போவதால் இடம் காலியாகிறது, அசல் சான்றிதழ்களோடு திங்கட்கிழமை வரவும் என்று பதில் வந்தது. ஓணத்துக்குப் பத்து நாள் முன்பு வரும் அத்தத்தன்று, காலை பதினொன்றரைக்கு, அவளுடைய போனில்.