எட்டு ரூபாய் இறங்கட்டும்

எங்கள் பங்குத் தரகு அலுவலகத்தில் அவருக்கு ‘முப்பத்தைந்து சார்’ என்று பெயர். ஒரு பங்கு நூறு ரூபாய் பெறும் என்று அவர் கணக்கு சொன்னால், அறுபத்தைந்துக்கு வரும்வரை தொட மாட்டார். வாடிக்கையாளர் கெஞ்சினாலும் சரி, முதலாளி முறைத்தாலும் சரி. அவர் நிறுவனங்களை அலசி அறிக்கை எழுதுபவர். நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஆர்டர் போடுபவள். பதினெட்டு வருஷம் அவர் தும்மலைக் கேட்டே காலம் தள்ளியிருக்கிறேன்.

ஒருநாள் கேட்டேன், “நூறு ரூபா சரக்கு தொண்ணூறுக்கு வந்தா லாபம்தானே சார், ஏன் இந்தக் கஞ்சத்தனம்?”

“நூறுன்னு யாரும்மா சொன்னா? நான் சொன்னேன். நான் என்ன கடவுளா? என் கணக்கு தப்பாப் போகலாம். தப்பாப் போனாலும் கை சுடக் கூடாது இல்ல, அதுக்குத்தான் அந்த முப்பத்தஞ்சு.”

இதற்கு நேர் எதிராக வளர்ந்தவள் அவர் மகள். மனைவி போன பிறகு அவர் ஒற்றை ஆளாக வளர்த்த பெண். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அவளுடைய பங்குக் கணக்கும் எங்களிடம்தான். மதியம் சாப்பாட்டு டப்பாவோடு வந்து அப்பாவிடம் வம்புக்கு நிற்பாள்.

“வேகமா வளர்ற கம்பெனி என்னைக்குப்பா மலிவாக் கிடைக்கும்? இன்னைக்கு அதிகமாத் தெரியற விலை, லாபம் நாலு மடங்கானா மலிவுதான். நீங்க மலிவுன்னு வாங்கின அந்த நூல் மில் பத்து வருஷமா மலிவாவேதான் கிடக்கு.”

நான் சிரித்துத் தொலைத்தேன். அவரும் சிரித்தார். “மில்லு விஷயத்துல நான் தோத்தேன், ஒத்துக்கறேன். ஆனா நாளைக்கு வரப்போற லாபத்துக்கு இன்னைக்கே மொத்தக் காசையும் கொடுத்துட்டா, நாளைக்குக் கொஞ்சம் சறுக்கினாலும் உன் கையில என்னம்மா மிஞ்சும்?”

அவள் கேட்கவில்லை. தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவி செய்யும் ஒரு நிறுவனம். வருஷத்துக்கு நாற்பது சதவீதம் விற்பனை கூடிக்கொண்டிருந்தது. பங்கு ஒன்றுக்குப் பதினான்கு ரூபாய்தான் லாபம். விலையோ தொள்ளாயிரம். அவள் சேமிப்பு மொத்தத்தையும் அதில் போட்டாள். அப்பாவின் கணக்கில் அந்தப் பங்கின் பெறுமானம் நானூறு.

அந்தச் சேமிப்பு எதற்கு என்று அவருக்குத் தெரியாது. வீடு வாங்க என்று நினைத்திருந்தார். எனக்குத் தெரியும். இரண்டு முறை கரு நிற்காமல் போயிருந்தது அவளுக்கு. வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. குழந்தைக்கான சிகிச்சை மூன்று முறையாவது செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “அக்கா, அப்பாகிட்ட மூச்சு விடாதீங்க. மனுஷன் தூங்க மாட்டார்” என்றாள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள் அந்தப் பணத்தைப் பங்கில் போட்டிருக்கவே கூடாது. சொன்னேன். “ஆறே மாசம் அக்கா, கொஞ்சம் ஏறட்டும், நாலாவது தடவைக்கும் சேர்ந்துடும்” என்றாள். ஆசை யாரை விட்டது!

ஏறவும் ஏறியது. ஆயிரத்து நூறு வரை போனது. அப்புறம் விற்பனை வளர்ச்சி நாற்பதிலிருந்து பன்னிரண்டாகச் சுருங்கியது. நிறுவனம் நஷ்டப்படவில்லை, லாபம்கூட இருபது ரூபாயாகக் கூடியிருந்தது. ஆனால் நாற்பதை நம்பி விலை கொடுத்தவர்கள் எல்லாம் ஒரே வாசலில் முண்டியடித்து வெளியே ஓடினார்கள். எழுநூறு, ஐந்நூறு, முந்நூற்றுப் பத்து. ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருநூற்று அறுபத்தெட்டு.

அப்போதுதான் அப்பாவின் மேசைக்கு அவள் போன் வந்தது. கையில் பேனாவோடு இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார்.

“அப்பா, இந்த விலையில என்னப்பா செய்யலாம்?”

அவர் திரையைப் பார்த்தார். நானூற்றில் முப்பத்தைந்து சதவீதம் கழித்தால் இருநூற்று அறுபது. மனுஷனுக்குக் கணக்கு அத்துப்படி.

“நானா? இன்னும் வாங்க மாட்டேம்மா. எட்டு ரூபா இறங்கட்டும்.”

“சரிப்பா” என்று வைத்துவிட்டாள்.

அட பாவி மனுஷா! வாங்கலாமா என்றா அவள் கேட்டாள்? கையில் வைத்திருப்பவள் வைக்கவா, விற்கவா என்று கேட்கிறாள். அந்த முப்பத்தைந்து சதவீதப் பாதுகாப்பு இடைவெளி என்பது வாங்குகிறவனுக்கு. நானூறு பெறும் பொருளைக் கையில் வைத்திருப்பவளிடம் அதை இருநூற்று அறுபத்தெட்டுக்கு விற்காதே என்பதுதான் அவருடைய சொந்தக் கணக்கே சொல்லும் பதில். நாள் முழுக்க வாங்கும் விலையையே பார்த்துப் பார்த்து, மகளுக்கும் வாங்குகிறவனின் பதிலையே கொடுத்துவிட்டார். அப்பா கணக்கில் இதுகூட விலை அதிகம்தான் என்று அவள் புரிந்துகொண்டாள்.

இரண்டு நிமிஷத்தில் எனக்கு அழைத்தாள். “எல்லாத்தையும் வித்துடுங்கக்கா. இன்னும் இறங்கினா ஒரு தடவைக்குக்கூட மிஞ்சாது.”

“அப்பாகிட்ட இன்னொரு தடவை கேளேன்.”

“கேட்டாச்சு.”

விற்றேன். நான்தான் விற்றேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை விலை இருநூற்று ஐம்பத்தொன்பது. அவர் என் மேசைக்கு வந்து குனிந்து பேசினார். அவள் விற்றது அதற்குள் அவள் சொல்லியே அவருக்குத் தெரிந்துவிட்டது. முகம் கறுத்திருந்தது. “என் ஓய்வுக்கால சேமிப்பு முழுக்க இதுல போடும்மா. அவளுக்காகத்தான். நானூறு வந்ததும் வித்து அவ கையில கொடுப்பேன், வீடு வாங்கிக்கட்டும். அதுவரைக்கும் அவகிட்ட சொல்லாத.”

“அந்தப் பணத்தை இப்பவே அவகிட்ட கொடுத்துடுங்களேன் சார்.”

“கொடுத்தா வாங்கிக்க மாட்டா, ரோஷக்காரி. அதோட வீடு எங்க ஓடிடப் போகுது?”

குழந்தை விஷயம் வாய் வரை வந்தது. ஒரு வாடிக்கையாளரின் கணக்கை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம், பெற்ற தகப்பனாக இருந்தாலும். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்த மகராசி நான். வாயை மூடிக்கொண்டு அவருக்கு வாங்கிக் கொடுத்தேன்.

விற்ற பணத்தோடு ஒரு மாதச் சம்பளத்தைச் சேர்த்து அவள் ஒரே ஒரு முறை சிகிச்சை செய்துகொண்டாள். நிற்கவில்லை. இன்னொரு முறை என்றால் ஒரு வருஷத்துக்குள் செய்துவிடு என்றார் டாக்டர். அந்த வருஷம் முழுக்க அந்தப் பங்கு முந்நூற்றைச் சுற்றியே கிடந்தது. அவர் தினமும் பார்த்துவிட்டு, “பொறு, பொறு” என்பார். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வருவேன்.

நானூறு வர மூன்று வருஷம் ஆனது. அவர் கணக்கு துளி பிசகவில்லை. விற்றார். என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனார். சின்னப் பிள்ளை மாதிரி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

காசோலையை மேசையில் வைத்து, “அன்னைக்கு நீ வித்ததை நான் வாங்கி வச்சிருந்தேம்மா. உனக்குத்தான். வீடு பாரு” என்றார்.

அவள் அதை எடுத்து நெடுநேரம் பார்த்தாள்.

“அது வீட்டுக்கு வச்ச பணம் இல்லப்பா. குழந்தைக்கு.”

“அதுக்கென்ன, இப்ப இருக்கே. டாக்டர்கிட்ட…”

“எனக்கு நாப்பத்தி மூணுப்பா. போன வருஷமே இனிமே வேண்டாம்னுட்டாங்க.”

அவர் கை மேசையிலேயே இருந்தது. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.

“சொல்லியிருக்கலாம்ப்பா” என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“எப்பலேர்ந்து?”

“நீங்க வாங்கச் சொன்னப்பவே தெரியும்.”